எண்ணெய் போட்ட நாமம்

கடவுளுக்கு ஆயிரம் நாமங்கள் உண்டு. பக்தன் எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாலும் அவர் செவி சாய்க்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. கடன்காரனுக்கும் சில ஊர்களில் நாலைந்து பெயர்கள் இருப்பதுண்டு. எந்தப் பெயரைச் சொல்லித் தேடினாலும் அகப்படக் கூடாது என்பதற்காக அவன் செய்துகொண்ட ஏற்பாடு அது. சமீபத்தில் ஓர் எண்ணெயின் நாமாவளியைப் படிக்க நேர்ந்தது. இது எந்த வகையைச் சேர்ந்தது என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தை வாசகர்களுடன் பங்கு போட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போகும் சாலையில் தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் நல்லவாடு வரும். கடலோரத்து மீனவர் கிராமம். அங்கே உறவினர் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் ஒரு ஆயா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முப்பது நாற்பது வருஷம் கூடை சுமந்து மீன் விற்ற உடம்பு. இப்போது இருதயக் கோளாறு. டாக்டர் அவளிடம் இரண்டு விஷயங்கள் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்று, கருவாட்டைக் குறைக்க வேண்டும். இரண்டாவது, பாமாயிலைக் கையால் தொடக் கூடாது.

கருவாட்டு விஷயத்தில் ஆயா கொஞ்சம் முன்பின்னாக இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாமாயில் விஷயத்தில் அவள் விரதமே பூண்டிருந்தாள். மாதம் ஒரு லிட்டர் பாமாயில் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்த வீட்டில் அதை அடியோடு நிறுத்திவிட்டாள். அதைவிட விலை கூடுதலான கடலை எண்ணெயைக் கொஞ்சமாக வாங்கி, துளித் துளியாகச் செலவழித்தாள். மீன் வறுப்பதையும் நிறுத்திவிட்டாள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது எத்தனை பெரிய தியாகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாய்க்கு ருசியாக ஒன்றும் இல்லாமற் போகவே, காலையிலும் மாலையிலும் டீயில் நனைத்து ஐந்தைந்து பிஸ்கோத்துகள் சாப்பிடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டாள். "பிஸ்கோத்துல இன்னா இருக்குது தம்பி? மாவும் சக்கரையும்தானே. அதுலதான் படம் போட்டிருக்கானே, கோதுமைக் கதிரு" என்றாள் ஒரு நாள்.

நான் அந்தப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். முகப்பில் கோதுமைக் கதிர் இருந்தது. பக்கத்தில் ஒரு வெண்ணெய்க் கட்டி மினுமினுத்தது. பின்புறம் திருப்பினேன். பொடி எழுத்தில், இங்கிலீஷில், சேர்மானப் பட்டியல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். கோதுமை மாவு, சர்க்கரை, அடுத்தபடியாக 'ரிஃபைண்ட் பாமோலீன்', அதற்கடுத்து 'இன்டரெஸ்டரிஃபைட் வெஜிடபிள் ஃபேட்'. பிறகு வெண்ணெய், அதற்கு எதிரே நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான ஒரு சதவீதம். இன்னும் கீழே, 'எமல்சிஃபையர் 471'.

ஆயாவின் பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இன்டர்... எஸ்டர்... எனக்குத் தெரியலை மாமா. இந்த வார்த்தை எங்க புஸ்தகத்துல இல்லை" என்றாள்.

அந்த வார்த்தை எந்த வீட்டிலும் புழங்குவதில்லை. அது அந்தப் பட்டியலில் இருப்பதற்கு அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் எண்ணெயைப் பற்றி. "பாமாயில்னா பனை எண்ணெயா தம்பி? நம்ம பனையில ஏது எண்ணெய்?" என்று ஆயா கேட்டாள். நியாயமான கேள்வி. நம் பனைக்கும் இதற்கும் தூரத்து உறவுதான். இது மேற்கு ஆப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட மரம். மலேசியாவுக்குப் போன நம் தமிழர்கள் இதற்குச் செம்பனை என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டில் வியாபாரத்துக்காக இதை முதன்முதல் தோட்டமாகப் போட்டவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1917-ஆம் ஆண்டு, சிலாங்கூரில், தென்னமராம் என்ற எஸ்டேட்டில். அவர் ஒரு நாவலாசிரியரும்கூட. 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றவர். எழுத்தாளர்கள் செய்த காரியத்துக்கு எழுத்தாளனே பரிகாரம் தேடுவது பொருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பனைக் குலையில் சிவந்த பழங்கள் நெருக்கமாக இருக்கும். பழத்தின் சதையைப் பிழிந்தால் வருவது பாமாயில். உள்ளே இருக்கும் பருப்பைப் பிழிந்தால் வருவது வேறோர் எண்ணெய். அதைப் 'பாம் கெர்னல்' எண்ணெய் என்கிறார்கள். குணத்தில் அது தேங்காயெண்ணெய்க்கு நெருங்கிய சொந்தம். சதை எண்ணெய் இயற்கையில் ஆரஞ்சு நிறமாக இருக்கும், ஒரு மணமும் உண்டு. ஆலையில் சுத்திகரித்தால் நிறமும் போய்விடும், மணமும் போய்விடும். நல்லெண்ணெயையோ கடலை எண்ணெயையோ ஒரு பண்டத்தில் போட்டால் மூக்கு கண்டுபிடித்துவிடும். சுத்திகரித்த பாமாயிலை எதில் போட்டாலும் மூக்குக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஆகையால் அதை அறிந்துகொள்ள மனிதனுக்கு ஒரே வழிதான் இருக்கிறது. பட்டியலில் எழுதியிருக்கும் பெயர்.

இந்த எண்ணெயை மெதுவாகக் குளிர வைத்தால் ஒரு பகுதி உறைந்து கட்டியாகும், மற்றது எண்ணெயாகவே நிற்கும். வடிகட்டிப் பிரிக்கிறார்கள். வடிந்த எண்ணெய்க்குப் பாமோலீன் என்று பெயர். நம் வீடுகளில் பாமாயில் என்று வாங்குவது இதைத்தான். வடிகட்டியில் நிற்கும் கட்டிக்கு 'ஸ்டியரின்' என்று பெயர். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், பெயர்கள்தான் வேறு.

பிஸ்கோத்துக்காரருக்கு இளகிய எண்ணெய் போதாது. பிஸ்கோத்து வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிர வேண்டுமானால், மாவில் சேர்க்கும் கொழுப்பு நம் ஊர் வெயிலிலும் ஓரளவு கெட்டியாக நிற்க வேண்டும். இரண்டு பிஸ்கோத்துகளுக்கு நடுவே தடவும் கிரீமுக்கும், ரொட்டியில் தடவ ஜாடியில் விற்கும் சாக்லேட் குழம்புக்கும் அப்படியே. பழைய நாளில் இதற்கு வெண்ணெய் போட்டார்கள். பிறகு எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கி, வனஸ்பதி என்று பெயர் சூட்டிப் போட்டார்கள். அப்படி அரைகுறையாகக் கெட்டியாக்கும்போது 'டிரான்ஸ்' கொழுப்பு என்ற ஒன்று உண்டாகிறது, அது இருதயத்துக்கு மகா கெடுதல் என்று பிற்பாடு தெரிய வந்தது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெயிலும் கொழுப்பிலும் அதன் அளவை 2021 ஜனவரியில் நூற்றுக்கு 3 என்றும், 2022 ஜனவரியில் நூற்றுக்கு 2 என்றும் குறைத்துக் கட்டளையிட்டது. நல்ல காரியம். அந்த மட்டில் ஆணையத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

வனஸ்பதி விலகிய இடத்துக்கு வந்ததுதான் அந்த வாயில் நுழையாத வார்த்தை. கொழுப்பு என்பது, ஒரு கிளிசரின் தண்டில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும் ஒரு கொத்து. கெட்டியான ஸ்டியரினையும், பருப்பெண்ணெயையும், வேறு இளகிய எண்ணெய் ஏதாவது இருந்தால் அதையும் கலந்து, ஒரு ரசாயனத்தையோ நொதியையோ சேர்த்தால், அந்த அமிலங்கள் ஒரு தண்டிலிருந்து கழன்று இன்னொரு தண்டில் மாட்டிக்கொள்ளும். இடம் மாறி உட்கார வைக்கும் இந்த வேலைக்குத்தான் 'இன்டரெஸ்டரிஃபிகேஷன்' என்று பெயர். வேண்டிய பதத்தில் கொழுப்பு கிடைக்கும். டிரான்ஸ் கொழுப்பும் உண்டாகாது. சாமர்த்தியமான காரியந்தான். ஆனால் வார்த்தையைக் கவனியுங்கள். கொழுப்பை என்ன செய்தார்கள் என்பதை அது சொல்கிறது. எந்த மரத்துக் கொழுப்பு என்பதைச் சொல்லவில்லை. "யாரப்பா நீ?" என்று கேட்டால், "நான் இடம் மாறி உட்கார்ந்தவன்" என்று பதில் வருகிற மாதிரி இருக்கிறது.

கம்பெனிகள் சட்டத்தை மீறி இப்படி எழுதுகின்றன என்று யாராவது நினைத்தால் அது தவறு. சட்டமே இப்படித்தான் எழுதச் சொல்லுகிறது. உணவுப் பொட்டலங்களில் என்ன அச்சிட வேண்டும் என்பதற்கு 2011-இல் விதிகள் வந்தன. அவற்றில் ஒரு விசித்திரமான பாகுபாடு இருக்கிறது. சேர்மானம் 'எண்ணெய்' என்றால், கடுகெண்ணெய், கடலை எண்ணெய் என்று அதன் குறிப்பிட்ட பெயரைச் சொல்லியாக வேண்டும். 'கொழுப்பு' என்றால், அதன் வகையைச் சொன்னால் போதும். ஹைட்ரஜன் ஏற்றியது, பிரித்தெடுத்தது, இடம் மாற்றியது, இப்படி. 2020-இல் விதிகளைப் புதிதாக எழுதியபோதும் இந்தப் பாகுபாடு தொடர்ந்தது. ஆகக்கூடி, ஒரே செம்பனையின் எண்ணெய், இளகி இருக்கும்வரை ஊரும் பேரும் சொல்ல வேண்டும். உறைந்து கெட்டியாகிவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. ஆயாவின் பொட்டலத்தில் பாமோலீன் தன் பெயரோடு வந்ததற்கும், அதன் அண்ணன் முகமூடியோடு வந்ததற்கும் காரணம் இதுதான்.

இந்த இரட்டைப் பெயரால் இன்னொரு சௌகரியமும் உண்டு. பட்டியலில் எடை எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஒரு சாக்லேட் குழம்பு ஜாடியை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்கிறேன். நூறு கிராமில் சர்க்கரை 45, கொட்டைப் பருப்பு 16, பாமோலீன் 15, இடம் மாற்றிய கொழுப்பு 14, மீதி பால் பவுடரும் கோக்கோவும். பட்டியலில் சர்க்கரைக்கு அடுத்தபடி கொட்டைப் பருப்பு கம்பீரமாக நிற்கும். பார்க்கிறவர், "பரவாயில்லை, பருப்பு நிறையப் போட்டிருக்கிறான்" என்று சந்தோஷப்படுவார். இரண்டு கொழுப்பையும் கூட்டி ஒரே பெயரில் எழுதினால் 29. அப்போது இரண்டாம் இடம் கொழுப்புக்குப் போகும். பருப்பு மூன்றாம் இடத்துக்கு இறங்கும். ஒரு மரத்தின் சரக்கை இரண்டு பெயரில் எழுதுவதால், யாரும் பொய் சொல்லாமலே பொய் நடந்துவிடுகிறது.

வெண்ணெய்க்கு எதிரே சதவீதம் போட்டிருந்தது என்று சொன்னேன் அல்லவா? அதுவும் சட்டம்தான். எந்தச் சேர்மானத்தைப் படம் போட்டோ பெரிய எழுத்திலோ பீற்றிக்கொள்கிறார்களோ, அதன் அளவைச் சொல்லியாக வேண்டும். நல்ல விதி. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத வெண்ணெய்க்குக் கணக்குக் காட்டியாகிறது. இருபது பங்கு போல இருக்கும் எண்ணெயையும் கொழுப்பையும் யாரும் படம் போட்டுப் பீற்றிக்கொள்வதில்லை; ஆகவே அதற்குக் கணக்கும் இல்லை.

471 என்ற எண்ணையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எண்ணெயும் நீரும் பிரிந்து போகாமல் பிடித்து வைப்பதற்காகக் கொழுப்பிலிருந்து செய்யும் ஒரு பொருளின் எண் அது. செம்பனையிலிருந்தும் செய்யலாம், வேறு எண்ணெயிலிருந்தும் செய்யலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். எண்ணை வைத்து மூலத்தைச் சொல்ல முடியாது. ஆனால் சேர்ப்பது சொற்ப அளவுதான். 471 என்று கண்டதும் அலறுகிறவர்கள், யானையை விட்டுவிட்டு அதன் வாலில் உட்கார்ந்த ஈயை அடிக்கிறார்கள்.

சரி, பெயர் தெரியாத கொழுப்பை வீட்டில் இருந்தபடி கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். சேர்மானப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு சத்துப் பட்டியல் இருக்கும். அதில் மொத்தக் கொழுப்பு எவ்வளவு, அதில் 'சாச்சுரேட்டட்' எவ்வளவு, அதாவது நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். இருதயக்காரர்கள் குறைக்க வேண்டியது இரண்டாவதைத்தான். அதை மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ போட்டிருந்தால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் வரும். செம்பனைச் சதையின் எண்ணெய் என்றால் கிட்டத்தட்டப் பாதி வரும். பாதிக்கு மேலே, முக்கால் வரை ஏறினால், செம்பனைப் பருப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ கலந்திருக்கலாம். வெண்ணெய்க்கும் பாதிக்கு மேல்தான் வரும். ஆனால் வெண்ணெய் இருந்தால் கொலஸ்ட்ரால் வரிசையில் ஓர் எண் இருக்கும். தாவரக் கொழுப்பில் கொலஸ்ட்ரால் கிடையாது. "எங்கள் பிஸ்கோத்தில் கொலஸ்ட்ராலே இல்லை" என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். "எங்கள் பிஸ்கோத்தில் வெண்ணெயே இல்லை" என்று அதற்கு அர்த்தம் செய்துகொள்ளலாம். இந்தப் பரீட்சைக்கும் எல்லை உண்டு. சாக்லேட் பண்டத்தில் கோக்கோவின் கொழுப்பு சேர்ந்து கணக்கைக் குழப்பும். நாலைந்து எண்ணெய்களைக் கலந்திருந்தாலும் குழம்பும். அனுமானம் செய்யலாம், சத்தியம் செய்ய முடியாது.

ஆயாவின் பொட்டலத்தில் கணக்குப் போட்டேன். நூறு கிராமுக்குக் கொழுப்பு 20 கிராம். அதில் நிறைவுற்றது 10 கிராம். சரிபாதி. கொலஸ்ட்ரால் இருக்கிறதோ இல்லையோ என்கிற மாதிரி ஓர் எண். முகப்பில் மினுமினுத்த வெண்ணெய்க் கட்டி அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. ஒரு பிஸ்கோத்து சுமார் ஆறு கிராம். நாளைக்குப் பத்து என்றால் 60 கிராம் பிஸ்கோத்து. அதில் கொழுப்பு 12 கிராம். முப்பது நாளைக்கு 360 கிராம். மாவில் இயற்கையாக உள்ள சொற்பத்தைத் தள்ளினாலும், அளவுக் குவளையில் ஊற்றினால் 400 மில்லிக்குக் கொஞ்சம் குறையும்.

மாதம் ஒரு லிட்டர் பாமாயிலை நிறுத்தி விரதம் இருந்த கிழவி, ஏறக்குறைய 400 மில்லியைப் பிஸ்கோத்து என்ற பெயரில் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு லிட்டராவது பேரப்பிள்ளைகள் உள்படக் குடும்பம் முழுவதற்கும். இந்த 400 மில்லி அவள் ஒருத்திக்கு. அவள் விட்டது இளகிய பாமோலீன். பிஸ்கோத்தின் கொழுப்பில் அதைவிடக் கெட்டியான பகுதியும் சேர்ந்திருக்கிறது. எவ்வளவுக்கெவ்வளவு கெட்டியோ அவ்வளவுக்கவ்வளவு நிறைவுற்ற கொழுப்பு அதிகம். வறுத்த மீனைத் துறந்து இதை அவள் சம்பாதித்துக்கொண்டாள்.

இதைப் பற்றிப் புதுச்சேரியில் ஒரு வியாபார நண்பரிடம் வாதாடினேன். அவர் சொன்னது முழுவதும் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். "பாமாயில் என்ன விஷமா? தமிழ்நாட்டு ரேஷன் கடையில் சர்க்காரே லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுக்கவில்லையா? ஒரு ஹெக்டேரில் செம்பனை கொடுக்கும் எண்ணெயை வேறு எந்தப் பயிர் கொடுக்கும்? ஏழைக்கு ஐந்து ரூபாய்க்குப் பிஸ்கோத்து கிடைப்பதே இதனால்தான்" என்றார்.

வாஸ்தவம். பாமாயில் விஷமல்ல. ஆயாவின் குழம்பில் விழும் தேங்காயின் எண்ணெய், கணக்குப்படி அதைவிட அதிக நிறைவுற்ற கொழுப்புக் கொண்டது. சோயா மொச்சை ஒரு ஹெக்டேரில் அரை டன் எண்ணெய் கொடுப்பதே பாடு. செம்பனை மூன்று நாலு டன் கொடுக்கும். அந்தத் தோட்டங்களுக்காக இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காடுகள் அழிந்தன என்பதும் உண்மை. அதற்காகப் பாமாயிலை வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறவர்கள் இருக்கலாம்; மலிவு என்பதற்காக அதையே வேண்டும் என்கிறவர்களும் இருக்கலாம். இரண்டு பேருக்கும் உரிமை உண்டு. ஆனால் பொட்டலத்தில் பெயர் இருந்தால்தானே வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியும்?

ரேஷன் கடைப் பாமாயிலை நண்பர் இழுத்தது எனக்குத்தான் அனுகூலம். அந்தப் பொட்டலத்தில் பாமாயில் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. ஏழை அதை வாங்குகிறான், தெரிந்து வாங்குகிறான். டாக்டர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த முடிகிறது. உங்கள் சரக்கு அவ்வளவு உத்தமமானது என்றால், ரேஷன் கடைக்கு இருக்கும் தைரியம் உங்களுக்கு ஏன் இல்லை?

"பெயரைப் போட்டால் ஜனங்கள் பயப்படுவார்கள். தவிர, எண்ணெய் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. எது மலிவோ அதைப் போடுவோம். ஒவ்வொரு தடவையும் காகிதத்தை மாற்றி அச்சடிக்க முடியுமா?" என்றார் நண்பர். முதல் வாதத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அது ஒப்புதல் வாக்குமூலம். இரண்டாவது வாதத்தை ஐரோப்பாவிலும் சொல்லிப் பார்த்தார்கள். அங்கேயும் வெகுகாலம் 'தாவர எண்ணெய்', 'தாவரக் கொழுப்பு' என்று எழுதிக் காலம் தள்ளினார்கள். 2011-இல் செய்த சட்டம் 2014 டிசம்பர் 13 முதல் அமலுக்கு வந்தது. அன்றிலிருந்து எண்ணெயானாலும் கொழுப்பானாலும் எந்தத் தாவரத்திலிருந்து வந்தது என்று எழுதியாக வேண்டும். பிஸ்கோத்து ஆலைகள் எதுவும் அதனால் இழுத்து மூடப்படவில்லை. 471 போன்ற எண்களின் மூலத்தை அங்கேயும் எழுதுவதில்லை. ஆனால் நான் முன்னே சொன்னபடி அது ஈ. யானைக்குப் பெயர் போட்டுவிட்டார்கள்.

நான் கேட்பது அதிகமல்ல. எண்ணெய்க்கு இருக்கும் விதியைக் கொழுப்புக்கும் வையுங்கள். உறைந்தாலும் உருகினாலும் மரத்தின் பெயரைச் சொல்லுங்கள். ஒரு மரத்தின் சரக்கு இரண்டு மூன்று உருவத்தில் இருந்தால், எல்லாவற்றையும் கூட்டி ஒரே இடத்தில் எழுதுங்கள். மூன்றாவது, அதைத் தமிழில் எழுதுங்கள்.

மூன்றாவதைச் சொல்லும்போது கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. பொட்டலத்தில் அச்சிட வேண்டிய விவரங்கள் இங்கிலீஷிலோ, தேவநாகரி எழுத்தில் ஹிந்தியிலோ இருந்தால் போதும் என்பது விதி. வேறு பாஷை விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. விளம்பரத்துக்கு மட்டும் இந்தக் கம்பெனிகளுக்குத் தமிழ் தெரிகிறது. சினிமா நட்சத்திரம் வாய் நிறையத் தமிழ் பேசித்தான் பிஸ்கோத்தைக் கடிக்கிறார். தின்னச் சொல்வதற்குத் தமிழ், தின்பது என்ன என்று சொல்வதற்கு இங்கிலீஷ். இது என்ன நியாயம்?

நல்லவாட்டில் இருந்துகொண்டு இதை நினைத்தபோது எனக்கு வேறொரு விஷயம் ஞாபகம் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று இந்த ஊரில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்தவர்கள் பலர் இருப்பார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே ஒரு கிராம அறிவு மையம் அமைத்திருந்தது. அதில் ஓர் ஒலிபெருக்கியும் இருந்தது. அன்று காலையில் சிங்கப்பூரிலிருந்து இந்த ஊர்ப் பிள்ளை ஒருவர், தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ஊரார் ஓடிப்போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடல் வருகிறது, மேட்டுக்கு ஓடுங்கள் என்று. வீடுகள் போயின, படகுகள் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் பிழைத்தார்கள்.

ஆயாவும் அன்று ஓடியவள்தான். நான் பிஸ்கோத்துக் கணக்கைச் சொல்லி முடித்ததும் அவள் வெகுநேரம் பேசாமல் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அன்னைக்கு மைக்குல தமிழ்ல சொன்னாங்க தம்பி. புரிஞ்சுது, ஓடினோம். இதுல எழுதியிருக்கேன்னு சொல்றியே, யாருக்கு எழுதினான்?" என்று கேட்டாள்.

நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என்னைக் கேட்ட கேள்வி அல்ல. விதிகளை எழுதியவர்கள் டில்லியில் இருக்கிறார்கள். பொட்டலத்தை அச்சடித்தவர்கள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். அவர்கள் பதில் சொல்லட்டும். அதுவரையில் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை டீயோடு ஒரு பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அதைத் திருப்பிப் பாருங்கள். நிறைவுற்ற கொழுப்பை மொத்தக் கொழுப்பால் வகுத்துப் பாருங்கள். பாதி வந்து, பட்டியலில் மரத்தின் பெயர் இல்லாமல் இருந்தால், உங்கள் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். நாமம் அங்கேதான் இருக்கும்.